புதுப்பிப்பு: தொட்டியைச் சுற்றும் பூஞ்சைக் கொசு

முன்பு நான் கேட்டது: "வீட்டுக்குள் இருக்கும் தொட்டிகளில் கருப்பாகச் சின்னக் கொசு பறக்குது. எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடணும்?"

நாள் கணக்கை விட்டுவிட்டேன். அனுபவமுள்ள ஒருவர் சொன்னதுதான் சரி: முட்டையும் புழுவும் மேலே உள்ள 3–5 செ.மீ. ஈர மண்ணில்தான் அதிகம். விரலை இரண்டாவது கணு வரை விட்டுப் பார்த்து, அங்கே காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். அதுவும் அடியிலிருந்து: தட்டில் நீர் ஊற்றி 20–30 நிமிடம் தொட்டியை வைத்து, மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். தட்டில் நீர் தேங்கினால் வடிதுளை வழியாகவும் முட்டை இடும்.

"மேலே மணல் போடுங்க, போதும்" என்றார் இன்னொருவர். பாதி சரி. மேலிருந்து ஊற்றினால் மணலும் நனைந்துவிடும், அடியில் மண் காயவும் தாமதமாகும்.

மஞ்சள் ஒட்டு அட்டை பறப்பவற்றை மட்டுமே பிடிக்கும். புழு இருக்கிறதா என்று அறிய, உருளைக்கிழங்குத் துண்டை மண்மேல் வைத்து இரண்டு நாள் கழித்துப் புரட்டுங்கள்; கருந்தலை வெள்ளைப் புழு தெரியும். முட்டை முதல் கொசு வரை மூன்று, நான்கு வாரம் ஆவதால், உடனே குறையவில்லை என்று பழைய பழக்கத்துக்குத் திரும்பாதீர்கள்.

பழக்கூடை ஈயைப் பற்றிக் கேட்டவருக்கு: அது வேறு பூச்சி, இந்த முறை உதவாது.

"என் பெரணி காய்ந்தால் கருகிடுமே?" என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. புழுவைக் கொல்லும் பாக்டீரியாவான பி.டி.ஐ. கலந்த நீர் ஊற்றலாம் என்கிறார்கள். பெரணியில் செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.