புதுப்பிப்பு: மேத்ஸ் தப்பு லிஸ்ட் இப்ப பிளானா மாறிடுச்சு
முன்னாடி கேட்டது: "மாடல் டெஸ்ட் தப்பெல்லாம் எழுதி வச்சிட்டேன், அடுத்த எக்ஸாமுக்குள்ள எதை முதல்ல படிக்கிறது?"

எல்லா சாப்டரையும் முதல்லேர்ந்து படின்னு ஒருத்தர் சொன்னார், அவருக்கு அது ஒத்து வந்துச்சாம், எனக்கு டைம் இல்ல. டியூஷன் எடுக்குற அக்கா ஒருத்தங்க, சாப்டர் பேரை அடிச்சிட்டு எந்த வரியில தடம் மாறுச்சுன்னு மட்டும் எழுதச் சொன்னாங்க. அங்கதான் விஷயம் புரிஞ்சுது.

(x-3)/(x+2) > 1, இதுல x+2 மைனஸா இருக்கலாம்னு பாக்காம நேரா பெருக்கினா -3 > 2ன்னு வந்து விடையே இல்லன்னு தோணும், ஆனா 1ஐ இந்தப் பக்கம் கொண்டுவந்தா -5/(x+2) > 0, அதாவது x < -2. லாக் கணக்குல log x + log(x-3) = 1, அடிமானம் 10, அதுல 5, -2 ரெண்டையும் விடையா எழுதியிருந்தேன், -2 செல்லாது. வேற வேற சாப்டர், ஆனா காரணம் ஒண்ணு, நிபந்தனையைப் பாக்கல.

அதனால இந்த வகைதான் முதல்ல. விடையைப் பாத்த அன்னிக்கே திரும்பப் போட்டா ஞாபகத்துல வந்துடுது, அதனால சில நாள் விட்டு எண்ணை மாத்திப் போடறேன், சரியா வந்தாத்தான் லிஸ்ட்லேர்ந்து அடிப்பேன்.

"எல்லாமே கவனக்குறைவுதான், மெதுவா போடு"ன்னவருக்கு: கூட்டல் தப்புக்கு சரி, இதுக்கு மெதுவா போட்டாலும் அதே தப்புதான் வருது. டைம் பத்தாம விட்ட கணக்கை எதுல சேக்கறதுன்னு இன்னும் தெரியல.