மழை தொடங்கி ஒரு மாதம் கழித்து வரும் இருமல்: எங்கள் பட்டியில் நடந்தது

கோத்தகிரிப் பக்கம், வெள்ளாடு வளர்ப்பவர்:

எங்களிடம் இருபத்திரண்டு உருப்படிகள் உள்ளன. ஜூலை நடுவில், நான்கைந்து மாதக் குட்டிகள் மேட்டில் ஏறும்போது நின்று நின்று இருமத் தொடங்கின. காய்ச்சல் இல்லை, தீனி எடுப்பதும் குறையவில்லை என்பதால் குளிர் பிடித்துவிட்டது என்றே எண்ணி, ஐந்து நாள் ஊசி போட வைத்தேன். எந்த மாற்றமும் தெரியவில்லை. பிறகு குடற்புழு மருந்தான ஆல்பெண்டசோலைக் கண்ணளவில் குட்டிக்கு மூன்று மில்லி என்று ஊற்றியதும் இருமல் தணிந்தது, ஆனால் ஐந்தாறு வாரத்தில் அப்படியே திரும்பி வந்தது. மெலிந்துபோன ஒரு குட்டி இறந்தபோது கால்நடை மருத்துவர் மூச்சுக்குழலை நீளவாக்கில் அறுத்துக் காட்டினார். நுரைக்குள் விரல் நீளத்துக்கு வெள்ளை நூல்களைப் போலப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. அதற்கு முன்பு சாணப் பரிசோதனையில் “புழு இல்லை” என்று வந்திருந்ததுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:

அந்தப் பரிசோதனை அநேகமாக உப்புக்கரைசலில் முட்டையை மிதக்கவிட்டுப் பார்ப்பதாக இருந்திருக்கும். நுரையீரல் புழுவின் முட்டை உடலுக்குள்ளேயே பொரிந்துவிடுவதால், புழுக்கையில் வெளிவருவது உயிருள்ள இளம்புழு. முட்டையைத் தேடினால் கிடைக்காது. தரையில் கிடந்ததை எடுக்காமல் ஆசனவாயிலிருந்தே எடுத்த புழுக்கையை மெல்லிய துணியில் முடிந்து, புனலில் வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு மூழ்கவிட்டால், இளம்புழுக்கள் நீந்தி அடியில் சேரும். காலையில் அடித்துளியை நுண்ணோக்கியில் பார்த்தால் போதும். ஆனால் இருமல் தொடங்கிய முதல் சில வாரங்களில் புழு இன்னும் முதிர்ந்திருக்காது என்பதால் இதிலும் ஒன்றும் தென்படாமல் போகலாம்.

தங்கள் மருந்தளவும் பாதிதான். வெள்ளாட்டின் உடல் இம்மருந்தைச் செம்மறியைவிட விரைவாக வெளியேற்றிவிடும். ஆகவே கிலோவுக்குப் பத்து மில்லிகிராம் என்று மருத்துவர்கள் கணக்கிடுவார்கள். 2.5 சதவீதக் கரைசலில் ஒரு மில்லிக்கு 25 மில்லிகிராம் இருக்கும். பதினைந்து கிலோ குட்டிக்கு ஆறு மில்லி தேவை. எடை போடாமல் ஊற்றியதால் சில புழுக்கள் தப்பியிருக்கும், அதே ஈரப் புல்லில் புதிதாகவும் ஏறியிருக்கும். சினைபிடித்த முதல் மாதத்தில் இம்மருந்தைத் தவிர்க்க வேண்டும்.

தாண்டிக்குடியிலிருந்து ஒருவர்:

இது நத்தையால் வருவது, ஆகவே நத்தையை ஒழித்தால் தீர்ந்துவிடும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:

நத்தை, ஓடில்லா நத்தை வழியாக வருவது நுரையீரலில் சிறு முடிச்சுகளை உண்டாக்கும் வேறு வகைச் சிறு புழுக்கள். அவற்றைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரியே. மூச்சுக்குழலில் காணப்பட்ட இந்த நீளப் புழுவுக்கு நத்தை தேவையில்லை. புழுக்கையில் வந்த இளம்புழு, ஈரமும் மிதமான வெப்பமும் இருந்தால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் புல்லில் தொற்றத் தயாராகிவிடும். ஆடு தின்ற பிறகு அது முதிர்ந்து மீண்டும் இளம்புழுவை வெளியிட ஐந்து வாரங்கள் ஆகும். இருமல் திரும்பிய இடைவெளி இதனோடு ஒத்துப்போவதைக் கவனியுங்கள். சமவெளியின் காய்ந்த கோடையில் இளம்புழு தாங்காது. மலையில் குளிர்ந்த ஈரப் புல்லில் அது நெடுநாள் நிலைத்திருக்கும்.

திருவாரூர், கறவை மாடு வைத்திருப்பவர்:

எங்கள் கன்றுக்கு மூன்று நாளாக இருமலும், கடும் காய்ச்சலும், மஞ்சள் சளியும் உள்ளன. இந்த ஆறு மில்லிக் கணக்கையே கொடுக்கலாமா?

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:

வேண்டாம். கடும் காய்ச்சலும் சளியும் வேறு தொற்றைத்தான் முதலில் நினைவூட்டுகின்றன. இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கன்றுக்கு வரும் நுரையீரல் புழு வேறு இனம். முதல் ஆண்டு மேய்ச்சலுக்கு இறங்கிய கன்றுகளே அதில் அதிகம் பாதிக்கப்படும். மூச்சுத் திணறும் கன்றுக்கு வாய்வழியாக வலிந்து ஊற்றினால் மருந்தே நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். செத்த புழுக்கள் மூச்சுக்குழலை அடைப்பதால், மருந்துக்குப் பின் சில நாள் இருமல் கூடுவதும் உண்டு.

கோத்தகிரிப் பக்கம், வெள்ளாடு வளர்ப்பவர்:

நானும் அதைக் கண்டேன். எடை போட்டு ஊற்றிய மூன்றாம் நாள் இருமல் கூடியதால் மருந்து பலிக்கவில்லை என்று பயந்தேன், பத்தாம் நாளுக்குள் தணிந்தது. இப்போது பனியும் ஈரமும் காயும் வரை, அதாவது ஒன்பதரை மணி வரை, பட்டியில் வெட்டிய தழையைக் கொடுக்கிறேன். குட்டிகளைப் பெரிய ஆடுகள் மேய்ந்த சரிவில் விடுவதில்லை. தொற்றைச் சுமந்தும் இருமாத பெரியவைதான் புல்லைக் கெடுக்கின்றன என்றார் மருத்துவர். ஓடை ஓரத்துச் சேற்று நிலத்துக்கு வேலி கட்டினேன். ஆனால் பக்கத்துத் தோட்டக்காரர்களின் ஆடுகளும் அதே சரிவில்தான் மேய்கின்றன. அவர்கள் மருந்து ஊற்றுவதில்லை.

தாண்டிக்குடியிலிருந்து ஒருவர்:

அந்தச் சரிவில் ஆட்டை விடாமல் ஒரு பருவம் மாட்டை மட்டும் மேய்த்தால் என்ன?

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:

வளர்ந்த மாடு என்றால் ஓரளவு உதவும். ஆட்டின் இளம்புழு மாட்டில் பெரும்பாலும் பெருகாது. பக்கத்து ஆடுகளைத் தடுக்காத வரை அது எவ்வளவு பயன் தரும் என்பது எனக்கு ஐயம்தான்.