புதுப்பிப்பு: கல்லூரி விழா வீடியோவுக்கான குரல்

"90 நொடி வீடியோவுக்கு வாய்ஸ் ஓவர் எழுதினேன், மூச்சு முட்டுது. 40 தன்னார்வலர்கள் பெயரையும் எப்படிச் சொல்றது?" இது போன வாரம் நான் கேட்டது.

எடிட்டிங் தெரிந்த அண்ணன் சொன்னபடி 190 சொற்களை 95 ஆக்கினேன். கானா மேளம் ஏறும் இடத்தில் பேச்சே இல்லை. இசையைக் குறைக்கச் சொன்ன நண்பர் பாதி சரி. குரல் தெளிந்தது, அவசரம் போகவில்லை. தன் தங்கை கல்யாண வீடியோவில் செய்ததைச் சொன்ன இன்னொருவரைப் பின்பற்றி, தன்னார்வலர் பெயர்களைத் திரையில் எழுத்தாக ஓடவிட்டேன்.

அப்புறம், மழை நின்றதும் ராயபுரத்துப் பெண் ஒருத்தி மேடைத் தண்ணீரைத் தள்ளுகிற காட்சி. "மேடை காய்ஞ்சது இவங்க கையால" என்று ஒரே வரி, பிறகு 3 நொடி துடைப்பச் சத்தம் மட்டும். போட்டுப் பார்த்தபோது அந்த இடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள்.

கல்லூரி முதல்வருக்கு நன்றி முதலிலா கடைசியிலா என்று இன்னும் பேச்சு ஓடுகிறது.