வேர்ல்ட் கார்டு வந்தா கல்யாணம் கன்ஃபர்மா?

காத்ர்போர்ன்_பொண்ணு: ஒம்பது வருஷ லவ். அப்பா ஒத்துக்கவே இல்ல, நான் லவ் பண்றவரு நடுவுல கப்பல் வேலைக்குப் போயிட்டாரு, இப்ப ரீயூனியன் தீவுல வேலை. போன தைப்பூசக் காவடி முடிஞ்சப்புறம் அப்பா இறங்கி வந்துட்டாரு. "இந்தத் தடையெல்லாம் தீருமா"ன்னு கேட்டு டாரோட்ல கெல்டிக் கிராஸ் போட்டேன். கடைசி, பத்தாவது இடத்துல நேரா வேர்ல்ட். இதுக்கு என்ன அர்த்தம்?

போபாசின்_ராஜா: 100% கல்யாணம் தங்கச்சி. படத்தைப் பாரு, சுத்தி மாலை. நம்ம ஆளுங்களுக்கு மாலைன்னா என்னன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா? போய் மண்டபம் புக் பண்ணு.

ரோஸ்ஹில்காரி: ஆரம்பிச்சாச்சா. சும்மா போகலாம்னுதான் பார்த்தேன், முடியல. ராஜா, அந்தப் படத்துல எத்தனை பேர் இருக்காங்க? மாலைக்குள்ள நிக்கிறது ஒரே ஒருத்தி. மாப்பிள்ளை எங்க? கல்யாணம் காட்டணும்னா அந்த டெக்ல அதுக்குன்னு சீட்டு இருக்கு, லவ்வர்ஸ்ல ரெண்டு பேர், டூ ஆஃப் கப்ஸ்ல ரெண்டு பேர் எதிரெதிரா கோப்பை நீட்டுறாங்க, டென் ஆஃப் கப்ஸ்ல புருஷன் பொண்டாட்டி பிள்ளைங்க வானவில் எல்லாம் இருக்கு. 1909ல பமீலா கோல்மன் ஸ்மித் இந்த ரைடர் டெக்கை வரைஞ்சப்ப இன்னொரு ஆளை வரைய இடமா இல்லாம போச்சு?

தங்கச்சி, மத்த ஒம்பது சீட்டு என்னன்னு சொல்லாம இவங்க யாரும் எதுவும் சொல்ல முடியாது. போடு பார்ப்போம்.

போபாசின்_ராஜா: அக்கா வந்துட்டாங்க, இனிமே நாம எல்லாரும் ஸ்டூடண்ட். மாலை மாலைதான் அக்கா.

காத்ர்போர்ன்_பொண்ணு: எல்லாத்தையும் போட்டோ எடுக்கல. குறுக்க விழுந்தது எம்பரர். ஆறாவது சிக்ஸ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ். ஏழாவது ஹேங்டு மேன். எட்டாவது ஃபோர் ஆஃப் வாண்ட்ஸ். மத்தது சரியா ஞாபகம் இல்ல.

சாட்ஸ்வர்த்_மாமா: டர்பன்ல இருந்து பேசுறேன். எனக்கு டாரோட் எல்லாம் பெருசா தெரியாது, ஜாதகம் பார்ப்பேன். ஆனா இந்தப் படத்துல நாலு மூலைல என்ன இருக்கு? மனுஷன், கழுகு, காளை, சிங்கம். வெள்ளைக்காரன் கணக்குல அது கும்பம், விருச்சிகம், ரிஷபம், சிம்மம். நாலுமே ஸ்திர ராசி! முகூர்த்தம் வைக்கிறப்ப ஸ்திர லக்னம் ஏன் தேடுறோம்? நிலைச்சு நிக்கணும்னு. அப்ப இந்தச் சீட்டு நிலையான குடும்பம்னுதான் சொல்லுது. ராஜா தம்பி சொன்னது சரி.

ரோஸ்ஹில்காரி: மாமா, மூலையெல்லாம் ஸ்திரம்தான், ஒத்துக்கிறேன். நடுவுல இருக்கிறவ என்ன பண்றா? ஒரு காலைத் தூக்கி ஆடிக்கிட்டு இருக்கா. ஸ்திரமா இருக்கிறது ஃபிரேம், அவ இல்ல. இன்னொண்ணும் கேளுங்க. அந்த டெக்கை உருவாக்கின ஆர்தர் வெயிட் எழுதி வச்ச அர்த்தத்துல நேரா வந்தா நிச்சயமான வெற்றி, உழைச்சதுக்குப் பலன், அப்புறம் பயணம், வழி, நாடு விட்டுக் குடிபோறது, இடமாற்றம். தலைகீழா வந்தாத்தான் தேக்கம், அசையாம கிடக்குறது, நிரந்தரம். நிரந்தரம் தலைகீழ் பக்கத்துல இருக்கு மாமா! தங்கச்சிக்கு வந்தது நேர்ச்சீட்டு.

இப்ப அந்தச் சீட்டுங்களை வரிசையா வச்சுப் பாருங்க. குறுக்க விழுந்த எம்பரர் அப்பாதான், சிம்மாசனத்துல கவசம் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு, இதுக்கு யாரும் சண்டை போட மாட்டீங்கன்னு நினைக்கிறேன். எட்டாவது இடம் வீடு, சுத்தி இருக்கிற ஜனம். அங்க ஃபோர் ஆஃப் வாண்ட்ஸ், நாலு கம்புல தோரணம் கட்டி ரெண்டு பேர் பூவைத் தூக்கிக்கிட்டு நிக்கிறாங்க. அதாவது வீட்டுக்காரங்க பந்தல் போட ரெடி. ராஜா தேடுற கல்யாணம் அங்கதான் இருக்கு, பத்தாவதுல இல்ல. ஏழாவது இடம் கேக்குறவளோட இடம், அதாவது தங்கச்சியே. அங்க ஹேங்டு மேன். அவன் ஒரு கால்ல தலைகீழா தொங்குறான், இன்னொரு கால் பின்னாடி மடிஞ்சு குறுக்க இருக்கு. அப்படியே சீட்டைத் திருப்பி வேர்ல்ட் பக்கத்துல வைங்க, அதே கால் மடிப்பு, இவ நிமிந்து நிக்கிறா. நம்பரும் அதே, 12, 21. இத்தனை வருஷம் தொங்கிக்கிட்டு இருந்த தங்கச்சி இப்ப தரையில கால் வச்சு ஆடுறா. முடிஞ்சது அவளோட காத்திருப்பு. அவ கேட்டதும் அதைத்தானே, தடை தீருமான்னு. தீரும். அவ்வளவுதான் அந்தச் சீட்டு சொல்லுது.

செந்தாந்த்ரே_மச்சான்: ரீயூனியன்ல இருந்து ஒரு சின்ன விஷயம். நாங்க இங்க பார்க்கிறது மார்சேய் டெக். அதுல வேர்ல்டும் அதே மாதிரி நாலு மூலை, மாலை, நடுவுல ஒரு ஆள். ஆனா அந்த ஆள் வெறும் பொண்ணு இல்ல, ஆணும் பெண்ணும் சேர்ந்த உருவம்னு பழைய ஆளுங்க பல பேர் எழுதிருக்காங்க. நம்ம அர்த்தநாரி மாதிரின்னு வச்சுக்கங்க. அப்ப ஒரு ஆள்னு எப்படிச் சொல்றீங்க? ரெண்டு பேர் ஒண்ணாயிட்டாங்க!

போபாசின்_ராஜா: மச்சான் 👏👏👏 அக்கா பதில் சொல்லுங்க. அர்த்தநாரி + மாலை = ?

ரோஸ்ஹில்காரி: ரெண்டு பேர் ஒண்ணாயிட்டா அப்புறம் யாரு யாரைக் கட்டிக்கிறது? 😄 சரி, அது ஒரு பார்வை, தப்புன்னு சொல்லல. ஆனா தங்கச்சி போட்டது மார்சேய் இல்ல. ஃபோர் ஆஃப் வாண்ட்ஸ்ல தோரணம், சிக்ஸ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ்ல படகு, இதெல்லாம் மார்சேய்ல கிடையவே கிடையாது, அங்க வெறும் கோலும் வாளும்தான். ஒரு டெக்ல சீட்டை எடுத்துட்டு இன்னொரு டெக்ல அர்த்தம் தேடாதீங்க.

செந்தாந்த்ரே_மச்சான்: மார்சேய்தான் மூலம். ரைடர் நேத்து வந்தது.

ரோஸ்ஹில்காரி: மூலமா இல்லையாங்கிறது இங்க பேச்சே இல்ல.

சாட்ஸ்வர்த்_மாமா: கோல்டன் டான்னு ஒரு பழைய மாந்திரீகக் கூட்டம் இந்தச் சீட்டுக்குச் சனியைக் கொடுத்திருக்குன்னு என் மருமகள் சொல்றா. சனின்னா தாமதம். அப்ப இன்னும் லேட் ஆகும்னும் அர்த்தம் வருதே?

போபாசின்_ராஜா: மாமா நீங்க யாரு பக்கம்?

ஃபீனிக்ஸ்_ஆண்ட்டி: நானும் டர்பன் பக்கம்தான். என் கதையைச் சொல்றேன், சீட்டு எல்லாம் அப்புறம். நான் தமிழ், அவரு வெள்ளைக்காரரு. ஒளிஞ்சு ஒளிஞ்சு பார்த்துக்கிட்டோம். 1985ல கலப்புக் கல்யாணத் தடைச் சட்டத்தை எடுத்தாங்க. எல்லாரும் எங்களைக் கட்டிப் பிடிச்சு முடிஞ்சுதுடி முடிஞ்சுதுடின்னு அழுதாங்க. கட்டிக்கிட்டோம். அடுத்த நாள் எங்க குடியிருக்கிறது? குரூப் ஏரியாஸ் சட்டம் அப்படியே இருந்துச்சு, அது போனது 1991ல. அவரு ஏரியால நான் இருந்தா தொல்லை, என் ஏரியால அவரு இருந்தா தொல்லை. பக்கத்து வீட்டுக்காரன் கம்ப்ளைண்ட் போட்டானா இல்லையான்னு ஜன்னல்ல பார்த்துக்கிட்டே சமைச்சிருக்கேன். தடை தீந்தா எல்லாம் தீந்துதுன்னு யாரும் நினைக்காதீங்க.

ரோஸ்ஹில்காரி: ஆண்ட்டி, இதைத்தான் நான் மூணு தடவை சொல்லிக்கிட்டு இருக்கேன்! ஒரு வட்டம் மூடுது, அவ்வளவுதான்.

ஃபீனிக்ஸ்_ஆண்ட்டி: இல்லம்மா, நீ சொல்றது வேற. நாங்க கட்டிக்கிட்டோம். நீ கல்யாணமே இல்லங்கிற மாதிரி பேசுற.

ரோஸ்ஹில்காரி: எங்க சொன்னேன் இல்லன்னு? பத்தாவது சீட்டு கல்யாணத்தைப் பத்திப் பேசலன்னு சொன்னேன். தங்கச்சி, இதை நீ கேளு, மத்தவங்க மாலையைக் கட்டிக்கிட்டு அழட்டும். ஆறாவது இடம் அடுத்து வரப்போறது. அங்க படகு, ஓட்டுறவன் துடுப்புத் தள்ளுறான், முன்னாடி குனிஞ்சு உக்காந்திருக்கிற ஒரு அம்மா, பக்கத்துல பிள்ளை, ஆறு வாளும் படகுலயே குத்தி நிக்குது. அதாவது கரை மாறுறப்ப பழைய காயத்தையும் ஏத்திக்கிட்டுத்தான் போறாங்க, பிடுங்கினா படகு முங்கிடும். அதுக்கப்புறம் கடைசில வேர்ல்ட், அதுக்கு வெயிட் சொன்னதே நாடு மாறுறது. அவரு ரீயூனியன்ல. அப்ப கடல் தாண்டப்போறது யாரு? நீயா, அவரா? உங்கம்மா யாருகூட இருப்பாங்க? உன் வேலை? அப்பாவோட சண்டை போடுறவரைக்கும் இந்தக் கேள்விக்கு அவசியமே வரல, ஏன்னா உங்க ரெண்டு பேருக்கும் எதிரி ஒருத்தரு இருந்தாரு. இப்ப எதிரி சம்மதிச்சுட்டாரு. எதிர்த்து நின்னதுதான் உங்களைச் சேர்த்து வச்சுதா, இல்ல வேற ஏதாவது இருக்கான்னு இப்பத்தான் தெரியும். 21க்கு அப்புறம் சீட்டு இல்ல, திரும்ப ஜீரோ, ஃபூல், மூட்டையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்புறவன். இதுக்குத் தனியா ஒரு கேள்வி போட்டுப் பாரு. "யாரு எங்க குடியிருக்கிறது"ன்னு கேளு, "கல்யாணம் ஆகுமா"ன்னு கேக்காத.

போபாசின்_ராஜா: பிள்ளை சந்தோஷமா வந்து கேட்டா பிரிஞ்சுடுவீங்கன்னு பயமுறுத்துறீங்க. போன வருஷம் என் தங்கச்சிக்கும் இப்படித்தான் டவர் வந்துச்சு வேலை போயிடும்னு சொன்னீங்க, இன்னைக்கு வரைக்கும் அதே ஆபீஸ்லதான் இருக்கா.

ரோஸ்ஹில்காரி: ஆபீஸே வேற பில்டிங்குக்குப் போச்சுன்னு நீதானே சொன்ன?

போபாசின்_ராஜா: பில்டிங் மாறினதுக்கு டவரா 😂😂 அப்ப வேர்ல்டுக்கு இவ மண்டபம் மாத்தணுமா?

யாங்கூன்_தம்பி: இடையில பேசுறதுக்கு மன்னிக்கணும், எனக்கு ஒரு டவுட். வெற்றி, பயணம், ரெண்டும் நேரா வர்றப்ப உள்ள அர்த்தம்னா, எந்த ஒண்ணை எடுக்கணும்னு யாரு முடிவு பண்றது? அக்கா பயணத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க, அண்ணன் மாலையை மட்டும்.

ரோஸ்ஹில்காரி: பக்கத்துச் சீட்டு முடிவு பண்ணும் தம்பி. படகு இல்லாம வந்திருந்தா நானும் பயணம்னு சொல்லியிருக்க மாட்டேன்.

செந்தாந்த்ரே_மச்சான்: மார்சேய்ல படகே கிடையாதுன்னு நீங்களே சொன்னீங்க. அப்ப எங்க டெக்ல போட்டிருந்தா இந்தப் பொண்ணு மொரீஷியஸ்லயே இருந்திருப்பா 😄

சாட்ஸ்வர்த்_மாமா: பொண்ணோட நட்சத்திரத்தைக் கேட்டா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. யாரும் கேக்க மாட்டேங்குறீங்க.

காத்ர்போர்ன்_பொண்ணு: அக்கா, அண்ணா, ஒரு நிமிஷம். யாரு போறதுன்னு நாங்க ரெண்டு பேரும் இன்னும் பேசவே இல்ல. பேசலாம்னு ஆரம்பிச்சா அவரு "முதல்ல தேதி வைப்போம்"ங்குறாரு. ஆடிக்கு முன்னாடி வைக்கணும்னு அப்பா சொல்றாரு.

போபாசின்_ராஜா: பார்த்தீங்களா, தேதியே வந்துருச்சு!!! மாலை மாலை மாலை.

ரோஸ்ஹில்காரி: அந்தப் பொண்ணு எழுதின முதல் வரியைப் படிச்சியா இல்லையா? இன்னொரு தடவை கேக்குறேன் ராஜா, மாலைக்குள்ள எத்தனை பேர்?

போபாசின்_ராஜா: அர்த்தநாரி.

ஃபீனிக்ஸ்_ஆண்ட்டி: தேதி வைக்கிறதுக்கு முன்னாடி வாடகை வீடு எங்கன்னு பேசும்மா. நான் சொல்றேன்.

செந்தாந்த்ரே_மச்சான்: செந்தாந்த்ரே பக்கம் வீடு வேணும்னா நான் பார்த்துத் தரேன், நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்க.

ரோஸ்ஹில்காரி: அதுக்குள்ள வீடு வேறயா! அவ போறான்னு யாரு முடிவு பண்ணினது? அவரு இங்க வரக்கூடாதா?