புதுப்பிப்பு: கை-வர்க்க, அதாவது χ² சோதனையின் முடிவு
என் கேள்வி: “பகல் பணியினர் 60 பேரில் 36 பேரும், இரவுப் பணியினர் 40 பேரில் 14 பேரும் ‘திருப்தி’ என்றார்கள். இது தற்செயலா?”

மொத்தத்தில் பாதிப்பேர் திருப்தி என்றதால், பணிநேரம் பொருட்டில்லை என்றால் 30, 20 வந்திருக்க வேண்டும். பகலிலும் இரவிலும் திருப்தி, திருப்தியின்மை என்ற நான்கு கட்டங்களிலும் விலகல் 6. அதன் வர்க்கமான 36-ஐ அந்தந்தக் கட்டத்தின் எதிர்பார்ப்பால் வகுத்துக் கூட்டினேன்.

```
36/30 + 36/30 + 36/20 + 36/20 = 6
p = 0.014
```

உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டால், இவ்வளவு பெரிய விலகல் ஆயிரத்தில் ஏறத்தாழ 14 முறைதான் வரும். எனவே தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

எண்ணிக்கைக்குப் பதில் சதவீதத்தை இடச் சொன்ன நண்பருக்கு: ஒப்பிட்டுப் பார்க்க 60, 35 சரியே. சோதனையில் இட்டபோதோ விடை 12.5 ஆக வீங்கியது. ஒவ்வொரு குழுவும் நூறாக எண்ணப்பட்டதால், நூறு பேர் இருநூறாகிவிட்டார்கள்.

தம் அட்டவணையில் எதிர்பார்ப்பு 2 மட்டுமே உள்ள கட்டத்தைக் காட்டியவர், சிறு எண்ணிக்கைகளுக்கு ஏற்ற ஃபிஷர் சோதனைக்கு மாறுவது நல்லது.

காரணம் பணிநேரமா, வயதா என்று மூத்தவர் ஒருவர் கேட்டார். அதற்கு இந்த அட்டவணையில் விடை இல்லை, வயதுவாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.