குக்கீ மாவு அடுப்பில் ‘ஓடுவதற்கு’ ஒரு கலைச்சொல் வேண்டும்

குடந்தை அடுப்படி:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் வீட்டிலேயே கேக்கும் பிஸ்கட்டும் செய்து விற்கிறேன். அடுத்த மாதம் எங்கள் தெரு மகளிர் குழுவுக்கு குக்கீ செய்யச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன், அதற்காக நாலு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒரே ஒரு சொல்லில் வண்டி நின்றுவிட்டது.

மாவை உருண்டையாகத் தட்டில் வைத்து அடுப்புக்குள் தள்ளினால், வெந்து முடிவதற்குள் அது தட்டையாகி அகலமாகிறது. அந்த அகலமாகும் செயலுக்கு என்ன பெயர் வைப்பது? எங்கள் குழுவில் எல்லோரும் சொல்வது “ஓடிப்போச்சு”. கேட்டவுடன் புரிகிறது, ஆனால் “இந்தக் குக்கீ அதிகமாக ஓடிப்போகும்” என்று எழுதிப் படித்துக்காட்டினேன், என் மாமியார் யாரோடு என்று கேட்டார்.

இன்னும் இரண்டு சொல்லும் வேண்டும். கடித்தால் உடையும் குக்கீயை மொறுமொறு என்று சொல்லிவிடலாம். ஓரம் உடைந்து நடுவில் பல்லுக்கு இழுத்துக் கொடுக்கிறதே, அந்த வகைக்கு?

திருவாரூர் தமிழாசிரியர்:

அம்மா, இதற்குப் புதுச்சொல் தேவையில்லை. ‘விரிவு’ இருக்கிறது. வெப்பத்தால் பொருள் விரிவடையும் என்று எட்டாம் வகுப்பிலேயே படிக்கிறோம், மாவும் ஒரு பொருள்தானே. சூடு கூடினால் விரிவும் கூடும். ஆகவே ‘வெப்ப விரிவு’ என்று எழுதிக்கொள்ளுங்கள், பிள்ளைகளின் பாடப்புத்தகத்தோடும் ஒத்துப்போகும்.

மன்னை நிரலர்:

குக்கீக்கு முன்பே சொல் இருக்கிறதே, ‘நினைவி’. உலாவி அமைப்புகளைத் தமிழாக்கும்போது அதைத்தான் போடுகிறோம். மறுபடி ஏன் விவாதம்?

குடந்தை அடுப்படி:

தம்பி, இது தின்கிற குக்கீ.

மாயூரம் பழைய ஆய்வகத்தான்:

பிஸ்கட் ஆலையின் ஆய்வகத்தில் பல வருஷம் மாவு பார்த்தவன் என்பதால் நடுவில் நுழைகிறேன். ஆசிரியர் ஐயா சொன்ன ‘விரிவு’ இங்கே ஆகாது. சொல்லில் குற்றமில்லை, ஆனால் அது காரணத்தைத் தப்பாகச் சொல்லிக்கொடுக்கும். சூடு கூடினால் விரிவு கூடும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குக்கீயில் நடப்பது பெரும்பாலும் நேர் எதிர். அடுப்பு சூடு குறைவாக இருந்தால்தான் மாவு அதிகம் அகலும்.

உருண்டை உள்ளே போனதும் முதலில் வெண்ணெய் உருகும், கூடவே சர்க்கரை கரைந்து மாவு இளகும், தன் எடையிலேயே சாயத் தொடங்கும். இன்னொரு பக்கம் முட்டையும் மாவும் வெந்து இறுகத் தொடங்கும். எந்த நிமிஷத்தில் இறுகல் ஜெயிக்கிறதோ அந்த நிமிஷத்து அகலம்தான் கடைசி அகலம். 190 டிகிரியில் ஓரம் சீக்கிரம் இறுகி வேலி போட்டுவிடும், குக்கீ குட்டையாகத் தடித்து நிற்கும், நடுவில் ஈரம் மிஞ்சும், அதுதான் நீங்கள் கேட்ட இழுவை. 160-இல் இறுகல் தாமதம், அதுவரை மாவு போய்க்கொண்டே இருக்கும், மெல்லிசாகும், மெல்லிசானதில் ஈரம் வேகமாக வெளியேறும், ஆறினால் மொறுமொறுக்கும். 200-க்கு மேல் போனால் ஓரம் கருகி நடு பச்சையாக இருக்கும், அது வேறு தொல்லை.

ஆக இது விரிவது இல்லை, இளகி ஓடுவது. சோடா ஊதுவதால் கொஞ்சம் உப்பும்தான், ஆனால் அகலத்துக்கு முக்கியக் காரணம் அது இல்லை. ஆலையில் இதை ஒரு எண்ணாகவே வைத்திருப்போம்: குக்கீயின் குறுக்களவை அதன் தடிமனால் வகுத்தால் வருவது. எண் ஏறினால் தட்டை, இறங்கினால் தடி. எனவே சொல் எதுவானாலும் பின்னால் ‘விகிதம்’ ஒட்டிக்கொள்ளும்படி இருக்கட்டும். ‘ஓடிப்போதல் விகிதம்’ என்று எழுத எனக்குக் கை வராது.

திருவையாறு மாமி:

இவ்வளவு ஏன் அலட்டல். அதிரசத்துக்கும் இதேதான். பாகு பதம் தப்பினால் எண்ணெயில் போட்டதும் பிரிந்துபோகும். நாங்கள் அதை ‘பிரிஞ்சுடுத்து’ என்போம். அதனால்தான் மாவைக் கிளறி இரண்டு மூன்று நாள் மூடி வைக்கிறது. குக்கீ மாவையும் அப்படியே வெளியே மூடி வை குழந்தே, ஓடாது.

மாயூரம் பழைய ஆய்வகத்தான்:

மாமி, மாவை ஊறவைப்பது வரைக்கும் நீங்கள் சொல்வது சரி. ஊறினால் மாவு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், கெட்டிப்படும், குக்கீக்கும் அது நல்லது. ஆனால் அதிரச மாவில் உருகுவதற்கு வெண்ணெய் இல்லை, பாகுதான் பிடிப்பு. குக்கீ மாவை வெளியே வைத்தால், அதுவும் சித்திரையில் நம் ஊரில் வைத்தால், கதை கந்தல். முட்டை போட்ட மாவு வேறு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஊரில் பாதிப்பேர் தவறுவது இங்கேதான். வெளிநாட்டுக் குறிப்புகளில் ‘வெண்ணெயை அறைச் சூட்டுக்குக் கொண்டுவரவும்’ என்று இருக்கும். அவர்கள் அறை 20 டிகிரி சொச்சம். நம் அடுப்படி கோடையில் 33, 34. வெண்ணெய் முழுக்க உருகுவதே அதற்குக் கொஞ்சம் மேலேதான். ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் பாதி எண்ணெயாகி நிற்கும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், மேலே பளபளப்பு தெரியக் கூடாது. பளபளத்தால் தாண்டிவிட்டது, திரும்பக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

குடந்தை அடுப்படி:

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று செய்து பார்த்தேன். வெண்ணெய் 110 கிராம், நாட்டுச் சர்க்கரை 80, வெள்ளைச் சர்க்கரை 60, ஒரு முட்டை, மைதா 170, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி. 30 கிராம் உருண்டைகளாகப் பிடித்தேன், பதினைந்து வந்தது.

முதல் ஐந்தை, பிசைந்த கையோடு, அடுப்போடு வந்த கறுப்புத் தட்டில் நெய் தடவி வைத்து 160-இல் விட்டேன். 10 சென்டிமீட்டர் அகலம், தடிமன் 6 மில்லிமீட்டர். இரண்டு ஒட்டிக்கொண்டன, அடிப்பக்கம் நல்ல கறுப்பு, ஆறியதும் அப்பளம் மாதிரி உடைந்தது. அடுத்த ஐந்தை ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, பாத்திரக்கடையில் வாங்கிய தடித்த அலுமினியத் தட்டில் பேக்கிங் தாள் போட்டு 185-இல் வைத்தேன். 8 சென்டிமீட்டர், 9 மில்லிமீட்டர். ஓரம் மொறுமொறு, நடுவில் அந்த இழுவை! உங்கள் வகுத்தல்படி முதலாவது கிட்டத்தட்ட 17, இரண்டாவது 9.

மாயூரம் பழைய ஆய்வகத்தான்:

நல்லது, ஆனால் இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதே. சூடு, குளிர்ச்சி, தட்டு மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டீர்கள். எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்? மிச்சம் ஐந்து இருக்கிறதல்லவா, முதல் தடவை செய்த மாதிரியே எல்லாம் வைத்து, குளிர்ச்சியை மட்டும் மாற்றுங்கள்.

அடுப்பின் திருகு காட்டுவதையும் நம்பாதீர்கள். சிறிய ஓ.டி.ஜி. அடுப்புகளில் 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். உள்ளே வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள்.

குடந்தை அடுப்படி:

வெப்பமானி போட்டுப் பார்த்தேன், வெட்கமாக இருக்கிறது, திருகில் 180 வைத்தால் உள்ளே 162. இத்தனை வருஷம் ‘180-இல் வேகவைத்தேன்’ என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். நல்லவேளை, 160, 185 இரண்டையும் திருத்தி மறுபடி செய்தேன்.

அதே கறுப்புத் தட்டு, அதே நெய், அதே 160, குளிர்ச்சி மட்டும் புதிது: 9 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் குறைந்தது. ஆனால் மொறுமொறுப்பு போகவில்லை, இன்னும் உடையத்தான் செய்கிறது. அப்புறம் இன்னொரு ஈடு மாவு பிசைந்து தட்டை மட்டும் மாற்றினேன். தாள் போட்ட அலுமினியத்தில் அகலம் கொஞ்சம்தான் குறைந்தது, அடி மட்டும் கருகாமல் பொன்னிறமாக வந்தது. நெய் தடவியதில் மாவுக்கு வழுக்க இடம் கிடைத்துவிட்டது போல.

நடுவில் ஒரு தப்பும் செய்தேன். அவசரத்தில் அடுப்பிலிருந்து எடுத்த சூடான தட்டிலேயே அடுத்த உருண்டைகளை வைத்துவிட்டேன். அடுப்புக்குள் போகும் முன்பே அடி பளபளவென்று உருகி, வெந்து வந்தபோது நடுவில் மேடு, சுற்றிலும் மெல்லிய பாவாடை. இப்போது தட்டைத் திருப்பிப் பின்பக்கம் குழாய்த் தண்ணீர் விட்டுத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த ஈடு.

மாயூரம் பழைய ஆய்வகத்தான்:

இப்போது பேசலாம். குளிர்ச்சி ஓட்டத்தைத் தாமதப்படுத்துகிறது, இறுகலை முன்னால் கொண்டுவருவது அடுப்புச் சூடு. குளிர்ச்சி மட்டும் இருந்து அடுப்பு மந்தமாக இருந்தால், நீங்கள் பார்த்த மாதிரி, கொஞ்சம் தாமதமாக ஓடி, கடைசியில் காய்ந்து மொறுமொறுக்கும். ராத்திரி முழுக்க வைத்த கல் மாதிரி உருண்டையை நல்ல சூட்டில் வைத்தால் எதிர்த்தொல்லை: அகலாமல் உருண்டையாகவே வெந்துவிடும். உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தி வையுங்கள்.

நாட்டுச் சர்க்கரையும் உங்கள் இழுவைக்குத் துணை, அது ஈரத்தை விடாமல் பிடிக்கும். மொறுமொறு வேண்டுகிறவர்கள் வெள்ளைச் சர்க்கரையைக் கூட்டி, 160-இல் மெதுவாக விடலாம். அதனால்தான் ‘ஓடிப்போச்சு’ எனக்கு ஒத்துவரவில்லை. ஓடுவது குற்றம் என்கிற தொனி அதில் இருக்கிறது. மெல்லிய குக்கீக்கு அகலம்தான் லட்சணம். நல்லது கெட்டது இரண்டுக்கும் பொதுவான சொல்லாக வேண்டும்.

திருவாரூர் தமிழாசிரியர்:

விரிவை விட்டுவிடுகிறேன், பாடம் ஏற்றுக்கொண்டேன். ‘பரவல்’ என்றால் புள்ளியியல்காரர்கள் வந்து சண்டை போடுவார்கள். ‘படர்வு’ எப்படி? கொடி தரையோடு தரையாகப் படர்கிறது, தீ படர்கிறது. உயராமல் பக்கவாட்டில் போவது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ‘படர்வு விகிதம்’ என்று எழுதினாலும் நாக்கு தடுக்காது. இழுவைக்கு ‘சவைபதம்’ என்று வைக்கலாம், கம்பிப்பதம், உருட்டுப்பதம் இருக்கிற வரிசையில் அதுவும் உட்காரும்.

திருவையாறு மாமி:

படர்வு என்றால் எனக்குப் படர்தாமரைதான் ஞாபகம் வருகிறது. தின்கிற பண்டத்துக்கு அதையா வைப்பார்கள்?

மன்னை நிரலர்:

படர்வு எனக்குப் பிடித்திருக்கிறது. கொடி நினைவு வருகிறவர்களும் இருக்கிறோம் மாமி.

குடந்தை அடுப்படி:

கையேடு திங்கட்கிழமை நகல் கடைக்குப் போகிறது. அதனால் இப்போதைக்கு அளக்கிற இடத்தில் ‘படர்வு’, கட்டுமீறிப் போனால் மட்டும் ‘ஓடிப்போச்சு’. குழுவில் படர்வைச் சொல்லிப் பார்த்தேன், இரண்டு பேர் சிரித்தார்கள், மற்றவர்கள் உடனே பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். ‘சவைபதம்’ மட்டும் ஒட்டவில்லை. “ஜவ்வு குக்கீ” என்றே சொல்லுகிறார்கள், நானும் தடுக்கவில்லை. வேறு யாராவது நல்லதாகச் சொன்னால் இடம் விட்டுவைக்கிறேன்.

திருவையாறு மாமி:

ஜவ்வோ சவையோ, ஐப்பசி மழையில் டப்பாவை ஒரு நாள் திறந்து வைத்துப் பார். உன் மொறுமொறுவும் நமுத்துப்போய் அதே பதத்துக்கு வந்து நிற்கும், கடைக்காரன் அதையும் அந்தப் பேரிலேயே விற்பான். இரண்டுக்கும் வேறு வேறு சொல் வேண்டும், அதை யோசி.