அப்பாயியின் பெட்டியில் கிடைத்த 3 படங்கள்: இது எந்த ஊர் வீடு?

வணக்கம். டர்பனில் அப்பாயியின் டிரங்குப் பெட்டியில் சின்னத் தாத்தாவின் 3 படங்கள் கிடைத்தன. பின்னால் ஊர்ப் பெயர் இல்லை. ஜோகன்னஸ்பர்க் என்கிறார் பெரியப்பா. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முதல் படத்தில் செங்கல் வீடு. கூரைமேல் புகைபோக்கி, அதன் உச்சியில் வரிசையாக 4 சுட்டமண் குழாய்கள். வழக்கமாக ஒரு கணப்புக்கு ஒரு புகைவழி, அதற்கு ஒரு குழாய். அப்படியானால் 4 அறைகளில் தீ மூட்டியிருக்கிறார்கள். சமையலுக்கு மட்டும் என்றால் ஒன்று போதுமே! இரண்டு கூரைகள் சேரும் இடத்தில் அது நிற்பதால், பக்கத்து வீட்டுக் குழாய்களும் கலந்திருக்கலாம்.

அடுத்தது வீட்டின் உள்ளே எடுத்தது. ஜன்னலுக்கு நேர்கீழே வரிவரியாக இரும்பு ரேடியேட்டர், தரையிலிருந்து ஒரு குழாய் ஏறி அதில் சேர்கிறது. சுடுநீரோ நீராவியோ ஓடும் வகை. ஜோகன்னஸ்பர்க்கில் குளிர்கால இரவில் உறைபனி விழும்தான், ஆனால் பகலில் வெயில் காயும். அங்கே சாதாரண வீடுகளில் இதை அதிகம் பார்க்க முடியாது. அதனால் இங்கிலாந்து என்று நினைக்கிறேன்.

குழப்புவது மூன்றாவது படம். ஜன்னல் உயரத்துக்குப் பிளந்த விறகு, காற்று போக சுவரைவிட்டுத் தள்ளி அடுக்கியிருக்கிறது. இங்கிலாந்து நகரத்து வீடுகளில் அப்போது நிலக்கரிதானே அதிகம்? இது வேறு வீடா?

ரேடியேட்டரின் வடிவத்தை வைத்துக் காலத்தைச் சொல்லத் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.